வாரத்துக்கு மூன்றே விமானம்: அட்டவணையைப் படிப்பதும் நாள் குறிப்பதும் (வேலூர்ப் பக்கத்து ஆட்களின் கேள்விகள்)

ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டவணையில் "1.3..6." என்று போட்டிருக்கிறது. இது என்ன கணக்கு?

அது கிழமைக் கணக்கு. ஏழு இடங்கள், ஏழு கிழமைகள். விமானம் பறக்கும் கிழமையில் எண் இருக்கும், பறக்காத கிழமையில் புள்ளி இருக்கும். 1 திங்கள், 2 செவ்வாய் என்று போய் 7 ஞாயிற்றில் முடியும். ஆக "1.3..6." என்றால் திங்கள், புதன், சனி.

நம் ஆட்கள் தடுமாறும் முதல் இடமே இதுதான். வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. அந்தப் பழக்கத்தில் 1 என்பதை ஞாயிறு என்று எடுத்துக்கொண்டால் எல்லா நாளும் ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிடும். திங்கள் விமானத்துக்கு ஞாயிறே போய் நிற்க வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் ஏதாவது ஒரு தேதியைப் போட்டு அந்த விமானத்தைத் தேடிப் பாருங்கள். அன்று இருக்கிறதா இல்லையா என்பதிலேயே எண் எந்தக் கிழமையைச் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

வேறு சில எழுத்து முறைகளும் உண்டு. புள்ளி இல்லாமல் வெறுமனே 136 என்று போடுவார்கள். X6 என்றால் சனி தவிர மற்ற எல்லா நாளும். D என்றால் தினமும்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே மாதிரி அட்டவணையை வைத்துப் பேசலாம். இது விளக்கத்துக்காக நான் எழுதியது, உண்மையான விமானம் அல்ல. MAA என்பது சென்னை. XYZ என்பது வளைகுடாவில் ஏதோ ஒரு ஊர், அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
XX512  XYZ MAA  2220 0340+1  1.3..6.  30MAR-24OCT
XX511  MAA XYZ  0440 0705    .2.4..7  31MAR-25OCT
```

இடமிருந்து வலமாக: விமான எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், புறப்படும் நேரம், சேரும் நேரம், கிழமைகள், இந்த வரி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது. நேரம் எல்லாமே அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. +1 என்றால் மறுநாள் சேரும். கிழமை எண் எப்போதுமே புறப்படும் ஊரில் புறப்படும் நாளைத்தான் சொல்லும், சேரும் நாளை அல்ல.

போவது செவ்வாய், வியாழன், ஞாயிறு. வருவது மட்டும் ஏன் திங்கள், புதன், சனி? ஏஜென்ட் தப்பாக அடித்துவிட்டாரா?

தப்பில்லை. இரண்டும் ஒரே விமானம். திங்கள் இரவு 10.20க்கு அங்கிருந்து கிளம்பி, செவ்வாய் விடிகாலை 3.40க்கு சென்னையில் இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் சுத்தம் செய்து, எரிபொருள் போட்டு, ஆளை ஏற்றிக்கொண்டு 4.40க்குத் திரும்பிப் போகிறது. அதனால் அங்கே 1, 3, 6 என்றால் இங்கே 2, 4, 7 ஆகிவிடும். தேதிக் கட்டத்திலும் ஒரு நாள் நழுவியிருப்பதைப் பாருங்கள்: ஒரு வரி 24OCT வரை, இன்னொன்று 25OCT வரை.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு பயன் இருக்கிறது. உங்கள் 4.40 விமானம் நேரத்துக்குக் கிளம்புமா என்பது, முந்தின இரவு அது அங்கிருந்து நேரத்துக்குக் கிளம்பியதா என்பதைப் பொறுத்தது. நம் நேரப்படி இரவு 11.50க்கு அது அங்கே கிளம்பியிருக்க வேண்டும். XX512 எங்கே இருக்கிறது என்று போனில் பார்த்தால் XX511 தாமதமா என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். மாற்று விமானம் நிறுத்தி வைத்திருக்கும் அளவுக்குக் கூட்டம் இல்லாத வழித்தடங்களில் இது நன்றாகவே பொருந்தும். ஆனால் அங்கே தாமதம் என்று தெரிந்ததும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். நிறுவனம் நேரத்தை மாற்றி அறிவிக்கும் வரை கவுன்ட்டர் பழைய நேரப்படிதான் மூடும்.

டிக்கெட்டில் செவ்வாய் விடிகாலை 4.40. பேரணாம்பட்டிலிருந்து எப்போது கிளம்பினால் சரியாக இருக்கும்?

திங்கட்கிழமை சாயங்காலம். செவ்வாய் விமானம் என்று சொன்னாலும் உங்களுக்கு அது திங்கள் பயணம்தான். வேலைக்கு லீவு சொல்வது, கார் சொல்வது, வீட்டைப் பூட்டுவது எல்லாம் திங்கட்கிழமைக் கணக்கில் வர வேண்டும். நள்ளிரவு தாண்டிய விமானங்களில் ஒரு நாள் தவறுகிறவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். செவ்வாய் இரவு பெட்டியோடு போய் நிற்பார்கள், விமானம் காலையிலேயே போயிருக்கும். தினசரி விமானம் என்றால் பணத்தோடு போகும். இங்கே அடுத்தது வியாழன்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பது பொது வழக்கம். அப்படியென்றால் 1.40க்கு மீனம்பாக்கம். வேலூரிலிருந்து விமான நிலையம் சுமார் 140 கி.மீ., வாலாஜா, காஞ்சிபுரம் பைபாஸ், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மூன்று மணி நேரம், சாலை வேலை நடந்தால் அதற்கு மேல். பேரணாம்பட்டிலிருந்து வேலூர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாப்பிட்டுவிட்டு இரவு 8.30 மணிக்குள் வண்டி நகர்ந்தால் நிம்மதி.

ரயிலிலும் போகலாம். காட்பாடியில் சாயங்கால வண்டி பிடித்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சென்ட்ரல், அங்கிருந்து நீலத்தட மெட்ரோ நேராக விமான நிலையம் போகிறது. மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும், அதனால் 10 மணிக்காவது சென்ட்ரலில் இருக்க வேண்டும். அதன் பிறகு நிலையத்தில் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். தனி ஆளுக்குச் செலவு மிச்சம். குழந்தையும் வயதானவரும் கூட இருந்தால் கார்தான் சரி.

மாமா மகள் நிக்காஹ் அங்கே செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. வியாழன் விமானத்தில் போய் சனிக்கிழமை திரும்பினால் லீவு மிச்சமாகும். போடலாமா?

2026 செப்டம்பர் 18 வெள்ளிதான். 17ஆம் தேதி வியாழன் 4.40க்கு ஏறினால் அன்றே காலை 7.05க்கு இறங்கிவிடுவீர்கள். நிக்காஹ் முடித்து 19 சனி இரவு 10.20க்கு ஏறினால் ஞாயிறு விடிகாலை சென்னை. இரண்டே இரவு. தாளில் பார்த்தால் அருமையான திட்டம். நான் போட மாட்டேன்.

காரணம் அட்டவணையிலேயே இருக்கிறது. வியாழன் விமானம் ஏதோ காரணத்தால் போகவில்லை, அல்லது நீங்கள் தவறவிட்டீர்கள் என்றால் அடுத்தது எப்போது? ஞாயிறு, 20ஆம் தேதி. நிக்காஹ் முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். வாரத்தில் மூன்று விமானம் என்றாலும் இடைவெளி சமமாக இல்லை: செவ்வாய்க்குப் பின் இரண்டு நாள், ஞாயிற்றுக்குப் பின் இரண்டு நாள், வியாழனுக்குப் பின் மூன்று நாள். மிக நீண்ட இடைவெளிக்கு முன்னால் நிற்கும் விமானத்தை முக்கியமான காரியத்துக்கு நம்பக் கூடாது.

நான் டிக்கெட் போடும்போது பின்னாலிருந்துதான் எண்ணுவேன். காரியம் வெள்ளி. அதற்கு முந்தின விமானம் வியாழன். அதை மனதில் அடித்துவிட்டு, அதற்கும் முந்தினதைப் பிடிப்பேன், அதாவது 15 செவ்வாய். செவ்வாய் விமானம் போகாவிட்டாலும் வியாழன் என்று ஒன்று கையில் இருக்கிறது. இரண்டு நாள் லீவு கூடுதலாகப் போகும், சரி. நிக்காஹைத் தவறவிடுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் பெரிதில்லை. வெறுமனே ஊர் சுற்றப் போகிறவர் என்றால் வியாழனே போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு இடைஞ்சல்: செவ்வாய் விமானத்துக்கு 14 திங்கள் இரவு கிளம்ப வேண்டும். அன்று விநாயகர் சதுர்த்தி. சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்து வந்த விடுமுறை முடிந்து அந்தச் சாயங்காலம் மொத்தக் கூட்டமும் சென்னை திரும்பும். சுங்கச்சாவடிகளில் வரிசை நிற்கும். 8.30 என்று சொன்னதை ஏழாக்கிக்கொள்ளுங்கள்.

திரும்புவதற்கும் இதே கணக்கைப் போட வேண்டும். செவ்வாய் போனால் புதன் திரும்பலாம் (ஒரு இரவு), சனி திரும்பலாம் (நான்கு இரவு), அடுத்த திங்கள் திரும்பலாம் (ஆறு இரவு). "மூன்று நாள் தங்கிவிட்டு வரலாம்" என்று நீங்கள் நினைத்தால் அது முடியாது, அந்த நாளில் விமானம் இல்லை. சனி இரவு விமானம் தவறினால் அடுத்தது திங்கள் இரவு, வீடு வந்து சேரச் செவ்வாய் காலை. திங்கட்கிழமை பள்ளித் தேர்வு, கம்பெனி ஆடிட் என்று ஏதாவது இருந்தால் அது போச்சு. போகிற நாளை மட்டும் அலசிவிட்டு வருகிற நாளை ஏஜென்ட் கையில் விட்டுவிடுகிறார்கள். குறைந்த நாள் ஓடும் வழித்தடத்தில் வருகிற நாள்தான் முதலில் முடிவாக வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போக வேண்டுமா? இரண்டாகப் பிரிந்து போனால்?

பிரிந்து போகலாம். சொல்லப்போனால் முக்கியமான காரியத்துக்கு அது நல்லதுகூட. காரியத்தில் இருந்தே ஆக வேண்டியவர்கள், வயதானவர்கள் செவ்வாய். லீவு கிடைக்காதவர்கள் வியாழன். வருவது மட்டும் எல்லோருக்கும் ஒரே நாளாக இருந்தால் கார்ச் செலவு ஒன்றோடு போகும்.

நாங்கள் நினைத்த தேதியைப் போட்டுத் தேடினால் நேரடி விமானமே இல்லை, 26 மணி நேரம் சுற்றிப் போகச் சொல்கிறது. அட்டவணையில் இருப்பது பொய்யா?

நீங்கள் தேடிய தேதி விமானம் இல்லாத கிழமையாக இருக்கும். தேடும் தளத்துக்கு அது தெரியும், ஆனால் "நாளைக்குத் தேடுங்கள், நேரடி விமானம் இருக்கிறது" என்று பெரும்பாலும் சொல்லாது. நீங்கள் கேட்ட நாளில் எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைத்தான் காட்டும். அதனால் ஒற்றைத் தேதியில் தேடாதீர்கள். மாதம் முழுவதும் கட்டணம் காட்டும் காலண்டர் இருந்தால் அதைத் திறந்து, நேரடி விமானம் மட்டும் என்ற வடிகட்டியைப் போடுங்கள். கட்டணம் இருக்கும் கட்டங்களும் காலியான கட்டங்களும் மாறி மாறி வரும். இரண்டு வாரம் பார்த்தால் கிழமை வரிசை தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு சோதனை. அட்டவணையில் உள்ள கிழமையில்தான் தேடுகிறீர்கள், ஆனாலும் ஒரு வாரம் மட்டும் காலியாக இருக்கிறது என்றால் இருக்கை தீர்ந்திருக்கலாம் அல்லது அந்த நாள் விமானத்தை எடுத்திருக்கலாம். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே நாளைப் பாருங்கள். விமானம் பட்டியலில் இருந்து விற்றுத் தீர்ந்தது என்று காட்டினால் இருக்கை இல்லை. பட்டியலிலேயே இல்லை என்றால் அன்று பறக்கவில்லை.

அக்டோபர் 18 ஞாயிறு போய், 28 புதன்கிழமை திரும்பலாம் என்று இருக்கிறேன். புதன்தான் விமானம் உண்டே?

இந்த வருடம் அந்தப் புதனில் இருக்காது. அட்டவணையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள், XX512க்கு 24OCT என்று முடிகிறது. அதற்கு மேல் குளிர்கால வரி எடுத்துக்கொள்ளும்:

```
XX512  XYZ MAA  2320 0440+1  .2..5..  27OCT-26MAR
XX511  MAA XYZ  0540 0805    ..3..6.  28OCT-27MAR
```

விமான எண் அதேதான், ஆனால் வாரத்துக்கு மூன்று இரண்டாகிவிட்டது, கிழமையும் மாறிவிட்டது, நேரமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விட்டது. நீங்கள் போகும்போது பழைய கணக்கு, வரும்போது புதுக் கணக்கு. 28க்குப் பதிலாக 27 செவ்வாய் அல்லது 30 வெள்ளி. விசாவோ லீவோ 28ஆம் தேதியோடு முடிகிறது என்றால் 27 ஒன்றுதான் வழி, 30 என்பது உங்களுக்கு இல்லாத விமானம்.

பயணத்தின் நடுவே பருவம் மாறுகிறவர்கள் இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நிறையப் பேர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு விஷயம்: ஆறு மாதம் முன்பே டிக்கெட் போட்டால், குளிர்கால அட்டவணை அப்போது முடிவாகியிருக்காது. சில நிறுவனங்கள் கோடை வரியையே நீட்டி விற்றுக்கொண்டிருக்கும், சில நிறுவனங்கள் அந்தத் தேதிகளைத் திறக்கவே திறக்காது. முதல் வகையில் உங்கள் புதன் டிக்கெட் விற்கப்படும், பிறகு ஒரு நாள் "நேரம் மாற்றப்பட்டுள்ளது" என்று மெசேஜ் வந்து செவ்வாய்க்கு நகர்த்தியிருப்பார்கள். இரண்டாவது வகையில் காலியாகத் தெரிவதை ரத்து என்று நினைத்துப் பதற வேண்டாம், இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் மார்ச் கடைசி, அக்டோபர் கடைசி? நமக்குத் தை, சித்திரையில்தானே பருவம் மாறும்?

இது ஐரோப்பாவின் கடிகாரத்தோடு போகும் கணக்கு. அங்கே மார்ச் கடைசி ஞாயிற்றில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள், அக்டோபர் கடைசி ஞாயிற்றில் பின்னால் வைப்பார்கள். உலக விமான அட்டவணைகளும் அதே நாட்களில் கோடை, குளிர்காலம் என்று மாறுகின்றன. 2026இல் கோடை மார்ச் 29 முதல் அக்டோபர் 24 வரை. குளிர்காலம் அக்டோபர் 25 முதல் 2027 மார்ச் 27 வரை. நம் வெயிலுக்கும் மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிக்காரர்களுக்கு இது பழக்கம். இத்தாலியோ ஜெர்மனியோ கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். அதனால்தான் அங்கே போகிற விமானத்தின் நேரம் நம் கடிகாரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை தள்ளாடுகிறது. அமெரிக்காவில் கடிகாரம் மாறும் நாள் வேறு, மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். நடுவில் சில வாரங்கள் கணக்கு இன்னும் குழம்பும்.

தம்பி தீபாவளிக்கு அங்கிருந்து வருகிறான். வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்தால் போதுமா?

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. குளிர்கால வரிப்படி 6 வெள்ளி இரவு 11.20க்கு ஏறினால் 7 சனி விடிகாலை 4.40க்குச் சென்னை, காலை பத்து மணிக்குள் குடியாத்தமோ ஆற்காடோ வந்துவிடலாம். எண்ணெய்க் குளியலுக்கு ஒரு நாள் முன்னாலேயே வீட்டில் இருப்பான். ஆனால் வெள்ளி தவறினால் அடுத்தது 10ஆம் தேதி செவ்வாய், வந்து சேரும்போது பட்சணம்கூட மிஞ்சியிருக்காது. லீவு கிடைத்தால் 3ஆம் தேதி செவ்வாய் வரச் சொல்லுங்கள். கிடைக்காது என்றால் வெள்ளி டிக்கெட்டோடு, வேறு ஊர் வழியாகச் சனிக்கிழமை வந்து சேரும் வழி ஒன்றையும் பார்த்துவைத்துக்கொள்ளட்டும். பெங்களூருக்கு வந்தாலும் சரி, அங்கிருந்து கோலார், சித்தூர் வழியாக வேலூருக்கு நாலைந்து மணி நேரம்தான்.

அம்மாவை சிஎம்சியில் காட்ட அண்ணன் குடும்பம் அங்கிருந்து வருகிறது. டாக்டர் பார்ப்பது வியாழக்கிழமை மட்டும். கோடை அட்டவணைக்கு எப்படிப் பொருத்துவது?

இரண்டு கிழமை வரிசைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டிய கேஸ். அவர்களுக்கு வரும் விமானம் திங்கள், புதன், சனி இரவு. இங்கே இறங்குவது செவ்வாய், வியாழன், ஞாயிறு விடிகாலை.

புதன் இரவு ஏறி, வியாழன் 3.40க்கு இறங்கி, நேராக வேலூர் வந்தால் ஏழரை, எட்டு மணி ஆகும். அப்பாயின்ட்மென்ட் நேரத்தைப் பிடித்துவிடலாம்தான். ஆனால் இரவெல்லாம் தூங்காத வயதான அம்மாவை அப்படியே ஓ.பி. வரிசையில் உட்கார வைப்பது சரியில்லை. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால் இன்னும் மோசம். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்த வாரமே போய்விடும். திங்கள் இரவு விமானத்தில் வந்தால் செவ்வாய் காலை வேலூரில் இருப்பார்கள். புதன் முழுக்க ஓய்வு.

திரும்புவதில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. பரிசோதனை எழுதிக் கொடுத்து "அடுத்த வியாழன் ரிப்போர்ட்டோடு வாங்க" என்பார்கள். அந்த வியாழன் ஓ.பி. முடித்துவிட்டு வியாழன் விமானத்தில் போய்விடலாம் என்று நினைப்பார்கள். வியாழன் விமானம் விடிகாலை 4.40க்கே போய்விடும், டாக்டர் வருவதற்கு முன்னால். அடுத்தது ஞாயிறு விடிகாலை, அதாவது சனிக்கிழமை இரவு வேலூரை விட்டுக் கிளம்ப வேண்டும். தேதி போட்டுச் சொன்னால்: செப்டம்பர் 7 திங்கள் அங்கே ஏறி, 8 வேலூர், 10 முதல் ஓ.பி., 17 மறுபடி ஓ.பி., 19 சனி இரவு கிளம்பி, 20 ஞாயிறு காலை 7.05க்கு அங்கே. அண்ணன் ஒரு வாரம் லீவு கேட்டிருந்தால் பற்றாது, இரண்டு வாரமாகக் கேட்கச் சொல்லுங்கள். லாட்ஜ் கணக்கும் அதற்கேற்ப.

விமானம் ரத்து என்று மெசேஜ் வந்தால் என்ன கிடைக்கும்?

நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றை நீங்கள் கேட்கலாம். தினசரி விமானத்தில் மாற்று என்றால் மறுநாள். இங்கே மாற்று என்று அவர்களின் அடுத்த விமானத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள், அது இரண்டு முதல் நான்கு நாள் கழித்து. மெசேஜில் "ஏற்கிறேன்" என்ற பட்டனை அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள். முதலில் அழைத்து, வேறு ஊர் வழியாகவோ கூட்டு நிறுவன விமானத்திலோ அதே நாளில் கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள். கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

நீங்களே இரண்டு தனி டிக்கெட் போட்டு, ஒன்றில் மும்பை போய் இன்னொன்றில் அங்கே போவதாக வைத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இரண்டும் ஒரே பி.என்.ஆரில் ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. வாரத்துக்கு இரண்டு மூன்று விமானம் மட்டும் உள்ள ஊருக்குத் தனித்தனி டிக்கெட் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை, சில ஆயிரம் மிச்சமானாலும்.

இப்படிக் குறைந்த நாள் ஓடும் விமானங்கள் அப்படியே நின்றுவிடுமா?

நின்றிருக்கின்றன. சென்னை–யாழ்ப்பாணம் வழித்தடத்தைப் பாருங்கள். 2019 நவம்பர் 11இல் வாரத்துக்கு மூன்று நாள் என்று தொடங்கியது. கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் நின்றது. மறுபடி 2022 டிசம்பர் 12இல்தான் வாரம் நான்கு நாளாக வந்தது. நடுவில் போக வேண்டியவர்கள் கொழும்பு போய், அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ வடக்கே ஏறினார்கள்.

உள்நாட்டில் உடான் திட்டத்து வழித்தடங்களும் இதே மாதிரி. அரசு மானியம் பொதுவாக மூன்று ஆண்டுக்குத்தான், அது முடிந்ததும் கூட்டம் இல்லாத தடங்கள் பல கைவிடப்பட்டன. நம் அப்துல்லாபுரம் விமான நிலையமும் உடானில் சேர்ந்ததுதான். அங்கிருந்து பறக்க ஆரம்பித்தால் சின்ன விமானமாகத்தான் இருக்கும், வாரத்தில் சில நாள் மட்டும் என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த அட்டவணை வந்தால் முதலில் தேதிக் கட்டத்தைப் பாருங்கள், பிறகு கிழமை. டிக்கெட் போட்டபின், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அதே விமான எண்ணை அதே தேதியில் இன்னொரு முறை தேடிப் பாருங்கள். ஏஜென்ட் நம்பரைக் கொடுத்து டிக்கெட் எடுத்திருந்தால் மாற்ற மெசேஜ் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. உங்கள் நம்பரையும் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.